உதாரணம் முன்னும் விதி பின்னும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழ் கற்கவேண்டும் என்னும் தீராத வேட்கையோடு தந்தையாருடன் ஊர் ஊராகச் சென்று தங்கிய இளைஞராகிய உ. வே. சாமிநாதையர், அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்ட வரலாற்றை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் அறிவார்கள். அவர் நன்னூல் பாடம் கேட்டது கஸ்தூரி ஐயங்காரிடம். யாப்பருங்கலக் காரிகையைக் கேட்டது விருத்தாசல ரெட்டியாரிடம். இவ்விரு நூல்களையும் அக்காலத்தார் போதித்த முறை ஒன்றே: முதலில் சூத்திரம் நெட்டுருவாக வேண்டும், பிறகு உரை, அதன் பிறகே, உரைகாரர் தந்த உதாரணங்கள். அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த நாளில் மாணாக்கனுடைய நினைவே அவனுக்குப் புத்தகசாலையாதலின், சுருங்கிய சூத்திரத்தை முதலில் உள்ளே வைத்துப் பின்னர் விரித்துக்கொள்ளும் இம்முறைக்குத் தக்க காரணம் இருந்தது. அதனை நாகரிகமற்றது என்று தள்ளிவிடுவோர் அது யாருக்கு, எந்த நிலையில் அமைந்தது என்பதை நினைப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான முறையை நம்முடைய ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் விதிவருமுறை என்று கற்பிக்கிறார்கள். உதாரணங்கள் முன்னே வரும். மாணவர் அவற்றை ஒப்பிட்டுப் பொதுத்தன்மையைக் காண்பர். அதன் பின்னரே ஆசிரியர் விதியைச் சொல்வார். ஜெர்மானியக் கல்வியாளராகிய ஹெர்பார்ட்டின் வழிவந்த ஸில்லர், ரைன் முதலியோர் ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமை காணல், பயன்படுத்தல் என்று வகுத்த ஐந்து படிகளில் இதற்கு ஓர் ஒழுங்கு அமைந்தது. இங்கிலாந்தில் ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் ரசாயன ஆசிரியர், மாணவன் தானே ஆராய்ச்சியாளனாக நின்று உண்மையைக் காணவேண்டும் என்று வாதித்துக் கண்டறி முறையைப் பரப்பினார். 1961இல் ஜெரோம் புரூனர் எழுதிய கட்டுரைக்குப் பின் இக்கருத்து உலகெங்கும் புதுவலிவு பெற்றது. அன்று தொட்டு இன்றுவரை அறிஞர்கள் இரு கட்சியாக நின்று வாதிடுகிறார்கள். ஆனால் வாதத்தில் பெரும்பகுதி, எந்த விதியை, எந்த உதாரணங்களைக் கொண்டு, யாருக்குக் கற்பிக்கிறோம் என்பதைச் சொல்லாமலே நடக்கிறது. என்னுடைய எண்ணம் இது: விதியை முன்னே சொல்வதா பின்னே சொல்வதா என்பதைக் காட்டிலும், கரும்பலகையில் எழுதும் உதாரணங்களை எவ்வாறு பொறுக்கி அடுக்குகிறோம் என்பதிலேதான் இம்முறையின் வெற்றியும் தோல்வியும் அடங்கியுள்ளன. அதை விளக்க ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அரியலூர்ப் பக்கத்து ரெட்டிபாளையத்தில், சிமெண்டுத் தொழிற்சாலையையும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தையும் அன்றாடம் காணும் பிள்ளைகள் நிறைந்த ஓர் உயர்நிலை வகுப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுடைய கட்டுரை நோட்டுகளில் சிவப்பு மை மிகுதியாகச் செலவாவது ஒற்றுப்பிழைகளுக்கே. ‘வந்துப் பார்த்தார்’ என்று ஒருவன் எழுதுகிறான். ‘கேட்டு சொன்னார்’ என்று மற்றொருத்தி எழுதுகிறாள். குற்றியலுகர ஈற்று வினையெச்சங்களுள் வன்றொடராய் வருவன முன் வல்லினம் மிகும், ஏனையவற்றின் முன் மிகாது என்பது விதி. இதனை ஆசிரியர் சொல்லி, நான்கு உதாரணம் எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்லலாம். பத்து நிமிடத்தில் முடியும். முடிந்த பின், விதியைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவனே அடுத்த கட்டுரையிலும் ‘வந்துப் பார்த்தார்’ என்று எழுதுவான் என்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர்.

விதிவருமுறையில் இதே பாடத்தை நடத்துபவர் கரும்பலகையில் இரண்டு பத்திகளாக எழுதுகிறார். இடப்புறம்: படித்துப் பார்த்தார், உடைத்துப் பார்த்தார், கேட்டுப் பார்த்தார், விற்றுப் பார்த்தார். வலப்புறம்: வந்து பார்த்தார், நின்று பார்த்தார், செய்து பார்த்தார், உழுது பார்த்தார். இரண்டாம் சொல் எல்லா இடத்திலும் ஒன்றே என்பதைக் கவனிக்கவேண்டும். இடப்புறத்தில் ‘கேட்டுச் சொன்னார்’ என்றும் வலப்புறத்தில் ‘வந்து பார்த்தார்’ என்றும் எழுதிவிட்டால், ஒற்று மிகுந்ததற்குக் காரணம் முதற்சொல்லா, பின்சொல்லா என்று தீர்மானிக்க வகுப்பிற்கு வழியில்லை. ‘சகரம் வந்தால் மிகும், பகரம் வந்தால் மிகாது’ என்று ஒரு சிறுவன் சொன்னால், அவன் சொன்னது அவ்விரு உதாரணங்களுக்கும் முற்றப் பொருந்துவதாகவே இருக்கும்; அவனைக் குறைகூற ஆசிரியருக்கு உரிமையில்லை. ஒன்றை மாற்றி மற்றதை நிலையாக வைத்தால்தான் காரணம் தனியே வெளிப்படும்.

இப்போது ஆசிரியர் கேட்கிறார்: “இந்தப் பக்கத்தில் ஏன் ஒற்று வந்தது? அந்தப் பக்கத்தில் ஏன் வரவில்லை?” முதலில் எழும் விடை பெரும்பாலும் ஈற்றெழுத்தைப் பற்றியதாக இருக்கும்: “ஐயா, ‘து’வில் முடிந்தால் வரும்.” ஆசிரியர் மறுமொழி சொல்லவேண்டியதில்லை, வலப்புறத்திலுள்ள வந்து, செய்து, உழுது என்னும் மூன்றும் அவ்விடையைத் தாமே மறுத்துவிடும். அடுத்தபடியாக, “ஈற்றயலில் ‘த்’ இருந்தால் வரும்” என்பார்கள். படித்து, உடைத்து ஆகிய இரண்டும் இதற்குத் துணைநிற்கும். கேட்டு, விற்று ஆகிய இரண்டும் எதிர்நிற்கும். இடப்புறத்தில் தகரத் தொடர்களை மட்டுமே எழுதியிருந்தால், வகுப்பு முழுவதும் இந்தக் குறுகிய விதியோடே வீட்டிற்குப் போயிருக்கும். ‘கற்று கொடுத்தார்’ என்று மறுநாள் எழுதியிருக்கும். வலப்புறத்திலும் இப்படியே. ந்து, ன்று என்னும் மென்றொடர்களை மட்டும் தந்தால், “மெல்லினம் இருந்தால் வராது” என்னும் விதி பிறக்கும். பிறகு ‘செய்துப் பார்த்தார்’, ‘உழுதுப் பார்த்தார்’ என்பன அவ்விதிக்கு இணங்கப் பிழையின்றி எழுதப்பட்டவை போலவே மாணவருக்குத் தோன்றும். இடைத்தொடருக்கு ஒன்று, உயிர்த்தொடருக்கு ஒன்று என்று சேர்த்தது இதற்காகத்தான். தவறான அநுமானம் ஒவ்வொன்றையும் முன்கூட்டி எண்ணிப் பார்த்து, அதை வீழ்த்தும் உதாரணம் ஒன்றையேனும் பலகையில் நிறுத்திவைப்பதே ஆசிரியர் முதல்நாள் இரவு செய்யவேண்டிய வேலை. அதைச் செய்யாதவர் வகுப்பில் நின்று, “அப்படியன்று, இப்படி” என்று திருத்தத் தொடங்குவார். அக்கணமே பாடம் பழைய முறைக்குத் திரும்பிவிடும்.

ஈற்றயல் எழுத்தைப் பார்க்கவேண்டும் என்பது வகுப்பிற்குப் பிடிபட்டவுடன், இரண்டாம் அடுக்கு வருகிறது: கேட்டுச் சொன்னார், உடைத்துக் கொடுத்தார், எடுத்துத் தந்தார்; வந்து சொன்னார், செய்து கொடுத்தார், செய்து தந்தார். க, ச, த, ப நான்கிற்கும் ஒற்று மிகுவதை இதனால் காண்பர். பிறகு மூன்றாம் அடுக்கு: கேட்டு வந்தார், உடைத்து வைத்தார், படித்து மகிழ்ந்தார். இங்கே இடப்புறச் சொற்களே வந்தும் ஒற்று மிகவில்லை. வருமொழி வல்லினமாக இருந்தாலன்றி இது நிகழாது என்பதை எவரும் சொல்லாமலே மாணவர் சொல்லிவிடுவர். இம்மூன்று அடுக்கிற்கு மேல் அன்றைய பாடத்தில் சேர்க்கக்கூடாது. தேடிப் பார்த்தார், பாடச் சொன்னார் போன்ற இகர, அகர ஈற்று எச்சங்களையும் அங்கேயே கொண்டுவருபவர் இரண்டு விதிகளை ஒரே குவியலில் இட்டுப் பிரிக்கச் சொல்பவராவார்; விளையும் குழப்பத்திற்குப் பிள்ளைகள் பொறுப்பல்லர்.

இப்பாடம் கைகூடுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தமிழைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளையின் நாக்கு இவ்விதியைப் பெரும்பாலும் முன்பே அறிந்திருக்கிறது. ‘கேட்டுப்பாத்தாரு’ என்று பேச்சில் அழுத்திச் சொல்பவன், ‘வந்து பாத்தாரு’ என்னும்போது அப்படி அழுத்துவதில்லை. ஆகவே வாய்விட்டுப் படித்துப் பார் என்று சொல்லும் ஆசிரியர், உண்மையில் மாணவனை அவனுக்குள்ளேயே இருக்கும் சான்றுகளிடம் அனுப்புகிறார். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு இச்சான்று இல்லை. அவன் பலகையில் உள்ள எட்டு உதாரணங்களை மட்டுமே நம்பவேண்டும். அவனுக்கு எட்டு போதா. விதியைச் சற்று முந்தியே சொல்லிவிடுவதும் அவனுக்கு நல்லது. ஒரே வகுப்பில் இவ்விருவரும் அமர்ந்திருக்கையில், முறை எல்லாருக்கும் ஒன்றே என்று பிடிவாதம் செய்வது நியாயமாகாது.

இனி, மாணவர் கண்ட விதி எத்தகையது என்பதைப் பார்க்கவேண்டும். அவர்கள் தம் சொற்களில் சொல்வது பெரும்பாலும், “ஒரே எழுத்து இரண்டு தரம் வந்தால் ஒற்று வரும்” என்பதாகவே இருக்கும். த்து, ட்டு, ற்று மூன்றிலும் எழுத்து இரட்டித்திருக்கிறதன்றோ? இலக்கண நூலார் அதே இடத்தில் ஈற்றயல் வல்லின மெய் என்பார்கள். வழக்கிலுள்ள வினையெச்சங்களை எத்தனை தேடினாலும் இவ்விரண்டு விதியும் ஒரே சொற்களையே தொகுத்துத் தரும். ஒன்றை மெய்யாக்கி மற்றதைப் பொய்யாக்கும் உதாரணம் இங்கே அகப்படாது. அவசரப்பட்ட ஆசிரியர், “‘சொல்லு பார்ப்போம்’ என்பதில் லகரம் இரட்டித்தும் ஒற்று வரவில்லையே” என்று மடக்கக்கூடும். அது முறையான மறுப்பன்று, ‘சொல்லு’ ஏவல்வினை, ‘கட்டு பார்ப்போம்’ என்று வல்லினம் இரட்டித்து நிற்கும் ஏவலின் முன்னும் ஒற்று மிகுவதில்லை. ஆகையால் அந்த உதாரணம் மாணவனுடைய விதியை வீழ்த்துமானால் நூலாருடைய விதியையும் கூடவே வீழ்த்தும். உதாரணங்கள் தாமாகவே ஒரு விதியைத்தான் சுட்டும் என்பது பெரும் மயக்கம். அவை பல விதிகளுக்கு இடம் தருகின்றன. அவற்றுள் எது பிற இடங்களோடு தொடர்புடையது என்பதை அறிந்தவர்தாம் சொல்லவேண்டும். பட்டு, பாக்கு, எஃகு, நூறு என்று பெயர்ச்சொற்கள் வரையில் பரந்து செல்லும் குற்றியலுகரப் பாகுபாட்டை மாணவன் பின்னர்க் கற்கவேண்டியிருப்பதால், ‘வன்றொடர்’ என்னும் பெயரையும் அதன் இலக்கணத்தையும் ஆசிரியர் இவ்விடத்தில் தம் வாயால் சொல்லித் தரவேண்டும். பெயரைக் கண்டுபிடிக்கும்படி பிள்ளைகளை ஏவுவது காலத்தை வீணாக்குவதாகும்.

விதி உண்மையில் பிடிபட்டதா என்று அறிய, விதியைச் சொல்லச் சொல்வது பயன்படாது. கெட்டிக்காரி ஒருத்தி கண்டு சொன்னதை மற்ற முப்பது பேரும் கிளிபோல் ஒப்பிப்பார்கள். இம்முறையில் நேரும் மிகப் பெரிய பிழை இதுவே. முன்வரிசையில் ஒருத்தி கண்டுவிட்டாள். ஆசிரியர் மகிழ்ந்து “சபாஷ்” என்றார். மற்றவர்களைப் பொறுத்தவரை விதியைச் சொன்னவர் ஆசிரியராக இல்லாமல் வகுப்புத் தோழியாக ஆனதைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. ஆகவே விடை கண்டவர் வாய்திறவாமல், அவ்விதிக்குப் பொருந்தும் புதிய சொல் ஒன்றையும் பொருந்தாத சொல் ஒன்றையும் நோட்டில் எழுதிக் காட்டவேண்டும் என்று ஏற்பாடு செய்துகொள்வது நலம். நட்டு, அழுது, கண்டு, கற்று, பெய்து, வென்று என்று பலகையில் இல்லாத சொற்களைத் தந்தும் சோதிக்கலாம். இதனினும் நுட்பமான சோதனை ஒன்றுண்டு. 1958இல் ஜீன் பெர்கோ என்னும் அமெரிக்க அறிஞர், ஆங்கிலத்தில் இல்லாத சொற்களைக் குழந்தைகளிடம் சொல்லி அவற்றின் பன்மையைச் சொல்லவைத்து, குழந்தைகள் சொற்களை நெட்டுருச் செய்யவில்லை, விதியையே அறிந்திருக்கிறார்கள் என்று காட்டினார். நாமும் ‘மழுத்து’, ‘மழுந்து’ என்று பொருளற்ற இரண்டு எச்சங்களைப் புனைந்து, ‘பார்த்தார்’ என்பதோடு சேர்த்து எழுதச் சொல்லலாம். ‘மழுத்துப் பார்த்தார், மழுந்து பார்த்தார்’ என்று தயக்கமின்றி எழுதுபவனுக்கு விதி சொந்தமாகிவிட்டது.

பரிசோதனை முறையில் இக்கேள்வியை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இவ்வநுபவத்தோடு பெரிதும் ஒத்திருக்கிறது. 2004இல் கிளார், நிகம் என்னும் இருவர், 112 சிறுவர் சிறுமியரைக் கொண்டு, சரிவுப் பலகையில் பந்து உருளும் சோதனைகளில் ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்கும் நெறியைக் கற்பித்தனர். நேரே விளக்கம் பெற்றவருள் நூற்றுக்கு 77 பேர் அந்நெறியில் தேர்ந்தனர். கருவிகளோடு தாமே தேடிப்பார்க்க விடப்பட்டவருள் 23 பேர்தாம் தேர்ந்தனர். எந்த வழியில் தேர்ந்தவராயினும் பிறகு புதிய ஒரு வேலையில் சமமாகவே விளங்கினர் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. கண்டறி முறையை வெறுப்போர் இதனை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அங்கே தேடியவருக்கு வழிகாட்டலோ, சரி தவறு என்னும் குறிப்போ, நாம் மேலே கண்டதுபோல் எதிரெதிராக அடுக்கிய உதாரணங்களோ தரப்படவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இதற்கு மறுபுறமாக, 1998இல் ஷ்வார்ட்ஸ், பிரான்ஸ்ஃபோர்டு என்னும் இருவர், மாறுபட்ட உதாரணங்களைத் தாமே ஆராய்ந்த பின் விரிவுரை கேட்ட மாணவர், பாடத்தைப் படித்துச் சுருக்கி எழுதிய பின் அதே விரிவுரையைக் கேட்டவரைவிடச் சிறந்தனர் என்றும், விரிவுரை இன்றி உதாரணங்களையே மீண்டும் ஆராய்ந்தவர் அவ்வளவு சிறக்கவில்லை என்றும் காட்டினர். ஆராய்ச்சி விதியைத் தரவில்லை. விதியைக் கேட்பதற்குரிய காதைத் தந்தது. 2011இல் ஆல்ஃபியேரியும் உடனிருந்தோரும் 164 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோதும், துணையில்லாத தேடல் விளக்கத்திற்குப் பின்தங்கியே நின்றது. துணையோடு கூடிய தேடல் முந்தியது.

உதாரணங்களிலிருந்து எதைக் காணலாம், எதைக் காணமுடியாது என்பதற்கு ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல்லையே சாட்சியாக அழைக்கலாம். இவ்வட்டாரத்துப் பாறைகளில் சிப்பி, சங்கு, நத்தை வடிவங்கள் பதிந்து கிடக்கின்றன. அவற்றையும் இன்றைய கடற்கரைச் சிப்பிகளையும் ஒரே மேசையில் பரப்பி வைத்தால், இவ்விடம் ஒருகாலத்தில் கடலாக இருந்திருக்கவேண்டும் என்பதைப் பன்னிரண்டு வயதுச் சிறுமி தானே அநுமானித்துவிடுவாள். அந்தக் களிப்பை அவளிடமிருந்து ஆசிரியர் பறித்துக்கொள்ளக்கூடாது. ஆனால் அக்கடல் ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பதை எத்தனை சிப்பியைப் பார்த்தாலும் அவள் காணமாட்டாள். 1862இல் பிளான்போர்டு இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்ததும், பிறகு ஸ்டோலிஷ்கா இங்குள்ள உயிர்ச்சுவடுகளை வருணித்ததும், ஐரோப்பியப் பாறைகளில் முன்பே செய்யப்பட்ட பெரும் ஒப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்தவை. அவ்வொப்பீடு சிறுமியின் மேசையில் இல்லை. அதனை ஆசிரியர் கூறவேண்டும். கூறும் வேளை அவளுடைய அநுமானத்திற்குப் பின்னே அமைவது நன்று.

இம்முறையை ஒரு வகுப்பில் நடத்துவதும், அரசாங்கப் பள்ளிகளில் பரவலாக நடத்துவதும் வேறு வேறு. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் விஞ்ஞானப் போதனைத் திட்டம் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுவதும் பரவி, 2002இல் அரசால் நிறுத்தப்படும் வரை முப்பது ஆண்டுகள் நடந்தது. கிராமத்துப் பிள்ளைகள் எளிய கருவிப்பெட்டிகளைக் கொண்டு சோதனை செய்து, கண்டதை எழுதி, வகுப்பில் விவாதித்து முடிவுக்கு வந்தார்கள். அத்திட்டத்தை நடத்தியவர்கள் தேர்வையும் உடன் மாற்றினார்கள் என்பதே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் அங்கே இருந்தன. தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநில அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. அதில் அட்டைகளைக் கொண்டு பிள்ளை தன் வேகத்தில் முன்னேறியது. ஆனால் அட்டையில் விதி ஏற்கெனவே அச்சாகியிருக்குமானால், கையில் அட்டை இருப்பதனாலேயே அது கண்டறி முறை ஆகிவிடாது.

தேர்வுத்தாளில் ‘வல்லினம் மிகும் இடங்கள் நான்கினை எழுதுக’ என்று கேட்கும் வரையில், பத்து நிமிடத்தில் விதியைச் சொல்லி முடித்த ஆசிரியரும், ஒரு பாடவேளை முழுவதையும் மூன்று அடுக்கு உதாரணங்களுக்குச் செலவிட்டவரும் ஒரே மதிப்பெண்ணையே பெறுவர். முன்னவருக்கு அரை மணி மிச்சம். ஒற்று இல்லாமல் அச்சிட்ட பத்து வரிப் பத்தி ஒன்றைத் தந்து, வேண்டிய இடத்தில் ஒற்றிட்டு, இட்ட இடத்திற்கும் இடாத இடத்திற்கும் காரணம் எழுதுக என்று கேட்பது கேள்வித்தாள் அமைப்போரால் இயலாத காரியமன்று. அதில் மழுத்து, மழுந்து போன்ற சொல் ஒன்றையும் சேர்த்தால், நெட்டுருச் செய்தவனுடைய விடைத்தாளையும் கண்டறிந்தவனுடைய விடைத்தாளையும் திருத்துபவர் ஒரே பார்வையில் பிரித்துவிடலாம்.